2×2 அட்டவணையில் கைவர்க்கச் சோதனை: கையால் போட்டால் ஒரு விடை, R-ல் வேறு விடை ஏன்?

கேள்வி: ஒரு 2×2 அட்டவணைக்குக் கைவர்க்கச் சோதனையைக் கையால் போட்டால் ஒரு p வருகிறது, R-ல் போட்டால் வேறு p வருகிறது. எது சரி? உண்மையான தரவை வைத்துப் படிப்படியாகச் சொல்ல முடியுமா? கடைசியில் முடிவை எப்படி எழுதுவது?

பதில்:

இரண்டுமே சரிதான். R உங்களைக் கேட்காமலே ஒரு திருத்தத்தைச் சேர்த்துவிடுகிறது, அவ்வளவுதான். அந்தத் திருத்தம் ஏன் வந்தது என்பது புரிய வேண்டுமானால் கணக்கை ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்ப்பது நல்லது.

தரவுக்கு அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டரின் எண்களை எடுத்துக்கொள்வோம். கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரியில் கை கால் துண்டிப்பு அறுவை செய்துகொண்டவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று அவர் 1870-ல் லான்செட் இதழில் வெளியிட்டார். காயத்தில் கிருமிநாசினியாகக் கார்பாலிக் அமிலம் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு 40 பேர், அதற்கு முன்பு 35 பேர்.

| | பிழைத்தவர் | இறந்தவர் | மொத்தம் |
|---|---|---|---|
| அமிலம் பயன்படுத்திய காலம் | 34 | 6 | 40 |
| அதற்கு முன் | 19 | 16 | 35 |
| மொத்தம் | 53 | 22 | 75 |

முதலில் அட்டவணையைச் சரிபாருங்கள். ஒவ்வொரு ஆளும் நான்கு கட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் இருக்க வேண்டும். கட்டங்களில் இருப்பவை தலை எண்ணிக்கையாக இருக்க வேண்டும், சதவீதமாக இருக்கக் கூடாது. பலர் கால் வைத்து வழுக்கும் இடம் இது என்பதால் பின்னால் மறுபடி வருகிறேன்.

எதிர்பார்க்கும் எண்ணிக்கை

இன்மைக் கருதுகோள் இதுதான்: அமிலத்துக்கும் பிழைப்பதற்கும் தொடர்பு இல்லை. அது உண்மையானால் இரண்டு காலத்திலும் இறப்பு விகிதம் ஒன்றாகவே இருக்கும். அந்தப் பொது விகிதத்துக்கு நம்மிடம் உள்ள ஒரே மதிப்பீடு எல்லோரையும் சேர்த்து வருவது, அதாவது 75 பேரில் 22. அப்படியானால் 40 பேர் உள்ள வரிசையில் 40 × 22 / 75 = 11.733 பேர் இறந்திருக்க வேண்டும். வரிசை மொத்தத்தையும் நிரல் மொத்தத்தையும் பெருக்கி முழு மொத்தத்தால் வகுக்கச் சொல்லும் சூத்திரம் இங்கிருந்துதான் வருகிறது. நான்கு கட்டத்துக்கும் போட்டால்:

| | பிழைத்தவர் | இறந்தவர் |
|---|---|---|
| அமிலம் பயன்படுத்திய காலம் | 28.267 | 11.733 |
| அதற்கு முன் | 24.733 | 10.267 |

ஆட்களைப் பின்னத்தில் எண்ண முடியாதே என்று இவற்றை 28, 12, 25, 10 என முழுமையாக்கிவிடாதீர்கள். இவை எத்தனையோ முறை நடந்தால் வரும் சராசரி, பின்னமாகத்தான் இருக்கும். முழுமையாக்கினால் வரிசை, நிரல் மொத்தங்கள் அப்போதும் சரியாகவே கூடும், ஆகவே தவறு கண்ணில் படாது. ஆனால் கடைசி விடை 8.50-க்குப் பதிலாக 9.33 என்று வந்து நிற்கும். மூன்று தசம இடமாவது வைத்துக்கொண்டு கடைசியில் மட்டும் சுருக்குங்கள்.

வித்தியாசம், வர்க்கம், வகுத்தல்

உள்ளதிலிருந்து எதிர்பார்த்ததைக் கழியுங்கள். 34 − 28.267 = 5.733. மற்ற மூன்று கட்டத்திலும் இதே 5.733 தான் வரும், குறி மட்டும் மாறும். 2×2 அட்டவணையில் எப்போதும் இப்படித்தான். மாறி வந்தால் எங்கோ கழித்தல் பிழை என்று பொருள், கையோடு திருத்திக்கொள்ளலாம்.

வர்க்கம் 32.871. அதை ஒவ்வொரு கட்டத்தின் எதிர்பார்க்கும் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். பிழைத்தவர் நிரலில் 1.163, 1.329. இறந்தவர் நிரலில் 2.802, 3.202. கூட்டினால் வருவதுதான் கைவர்க்க மதிப்பு, χ²:

χ² = 1.163 + 2.802 + 1.329 + 3.202 = 8.496

சுருக்காமல் போட்டால் 8.495. வித்தியாசம் எல்லாக் கட்டத்திலும் ஒன்றுதான் என்றாலும் இறந்தவர் நிரல் கூடுதலாகப் பங்களிப்பதைக் கவனியுங்கள். எதிர்பார்த்தது 28 பேர் இருக்கும் இடத்தில் ஆறு பேர் கூடுவது பெரிய விஷயமில்லை, 10 பேர் இருக்கும் இடத்தில் ஆறு பேர் கூடுவது பெரிது. வகுப்பதன் நோக்கமே இந்த எடையைத் தருவதுதான். எதிர்பார்த்ததற்குப் பதில் உள்ள எண்ணிக்கையால் வகுத்துவிடுவது தேர்வுத் தாள்களில் அடிக்கடி வரும் தவறு.

சுதந்திர அளவு df ஏன் 1

ஓரத்து மொத்தங்களை மாற்றாமல் ஒரு கட்டத்தில் மட்டும் ஓர் எண்ணை நிரப்பிப் பாருங்கள். மற்ற மூன்றும் தானாக வந்து உட்காரும். சுதந்திரமாக மாறக்கூடியது ஒரே ஓர் எண், ஆகவே df = 1. பொதுவாக (வரிசை − 1) × (நிரல் − 1).

இன்று இது சர்வ சாதாரணம். ஆனால் 1900-ல் இந்தச் சோதனையைத் தந்த கார்ல் பியர்சனே இதற்கு 3 என்றுதான் வைத்திருந்தார், நான்கு கட்டத்தில் ஒன்று குறைத்து. 1922-ல் ஃபிஷர் அதைத் திருத்தினார். நம் எண்ணுக்கு வேறுபாடு சின்னதல்ல: df 3 என்றால் p = 0.037, df 1 என்றால் p = 0.0036. கிட்டத்தட்ட பத்து மடங்கு.

எக்செலில் இதைப் பெற:

```
=CHISQ.DIST.RT(8.495, 1)
```

`CHISQ.TEST` பயன்படுத்துவதாக இருந்தால் எதிர்பார்க்கும் அட்டவணையையும் நீங்களே தயாரித்துக் கொடுக்க வேண்டும். அது χ² மதிப்பைக் காட்டாது, p-ஐ மட்டும்தான் தரும்.

இனி, R ஏன் வேறு விடை தருகிறது

```
a <- matrix(c(34, 6, 19, 16), nrow = 2, byrow = TRUE)
chisq.test(a)
chisq.test(a, correct = FALSE)
fisher.test(a)
```

முதல் `chisq.test` வரி 7.078 என்றும் p ஏறக்குறைய 0.0078 என்றும் சொல்லும். அடுத்தது நம் கைக்கணக்கு: 8.495, 0.0036. கடைசி வரி ஃபிஷரின் துல்லியச் சோதனை, அது 0.0050 என்று தரும். ஒரே அட்டவணைக்கு மூன்று p.

காரணம் இது. ஆட்களின் எண்ணிக்கை முழு எண்ணாகத்தான் நகரும். நம் அட்டவணையில் ஓரத்து மொத்தங்களை அப்படியே வைத்துக்கொண்டு, அமில வரிசையில் இறந்தவர் 6-க்குப் பதில் 7 என்று மாற்றிப் பாருங்கள். χ² உடனே 5.79-க்கு இறங்கிவிடும். 5.79-க்கும் 8.50-க்கும் இடையில் இந்தப் பக்கத்தில் எந்த மதிப்பும் வரவே முடியாது, ஏனென்றால் ஆறரை பேர் இறக்க முடியாது. ஆனால் p-ஐப் படிக்க நாம் பயன்படுத்தும் கைவர்க்க வளைவு இடைவெளியே இல்லாத வழுவழுப்பான கோடு. படிக்கட்டின் மேல் சாய்வுப் பலகையைப் போட்டு அளப்பது போன்ற வேலை இது. படி சிறியதாக இருந்தால் பரவாயில்லை, பெரியதாக இருந்தால் பலகை தவறான உயரத்தைக் காட்டும்.

1934-ல் ஃபிராங்க் யேட்ஸ் சொன்ன தொடர்ச்சித் திருத்தம், 6-லிருந்து அளக்காமல் 6-க்கும் 7-க்கும் நடுவில், 6.5-ல் வைத்து அள என்பதுதான். செய்முறையில் ஒவ்வொரு வித்தியாசத்திலும் அரையைக் குறைத்துவிட்டு வர்க்கம் எடுக்க வேண்டும். 5.733-க்குப் பதில் 5.233, வர்க்கம் 27.388, கடைசியில் 7.078. R-உம், பைத்தானின் `scipy.stats.chi2_contingency`-உம் 2×2 அட்டவணை என்றால் இதைத் தாமாகவே செய்கின்றன. எக்செல் செய்வதில்லை. SPSS இரண்டையும் தனித்தனி வரியாகக் காட்டும், `Pearson Chi-Square` என்றும் `Continuity Correction` என்றும்.

எதை எடுப்பது? யேட்ஸ் திருத்தம் தேவைக்கு மேல் ஜாக்கிரதையானது என்பது என் கருத்து மட்டுமல்ல, மேலே உள்ள எண்களிலேயே தெரிகிறது. ஓரத்து மொத்தங்களுக்குள் வரக்கூடிய ஒவ்வோர் அட்டவணையின் நிகழ்தகவையும் நேராக எண்ணிக் கூட்டும் ஃபிஷர் சோதனை 0.0050 தருகிறது. கைக்கணக்கு அதற்குக் கீழே, யேட்ஸ் அதற்கு மேலே. கையில் கணினி இருக்கும்போது தோராயத்தைத் திருத்தி இன்னொரு தோராயம் எடுப்பதைவிட, ஐயம் வந்தால் நேரே ஃபிஷருக்குப் போய்விடலாம். ஐயம் இல்லாத அளவுக்கு எண்ணிக்கை இருந்தால் திருத்தமில்லாத χ² போதும். எதைச் செய்தீர்கள் என்பதை எழுதிவிடுங்கள், அதுதான் முக்கியம். மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டு மனதுக்குப் பிடித்த p-ஐ எடுப்பது மட்டும் கூடாது.

எண்ணிக்கை எவ்வளவு குறைந்தால் ஐயப்பட வேண்டும்

ஐந்துக்குக் குறையக் கூடாது என்ற விதியை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது எதிர்பார்க்கும் எண்ணிக்கைக்கான விதி, அட்டவணையில் உள்ள எண்ணிக்கைக்கு அல்ல. லிஸ்டர் அட்டவணையில் மிகச் சிறிய எதிர்பார்ப்பு 10.267, ஆகவே தாராளமாகப் போடலாம். ஒரு கட்டத்தில் 6-க்குப் பதில் 0 இருந்தாலும், எதிர்பார்ப்பு ஐந்துக்கு மேல் என்றால் தடையில்லை. R எச்சரிக்கும் வாசகம் `Chi-squared approximation may be incorrect`. அது வந்தால் `chisq.test(a)$expected` போட்டு எந்தக் கட்டம் சிறுத்திருக்கிறது என்று பாருங்கள்.

சிறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கற்பனை அட்டவணை. இரண்டு பக்கமும் 12 பேர். ஒரு பக்கம் ஒருவர் இறக்கிறார், மறு பக்கம் 6 பேர். இறந்தவருக்கான எதிர்பார்ப்பு இரண்டு வரிசையிலும் 3.5. திருத்தமில்லாத χ² = 5.04, p = 0.025. துணிந்து வேறுபாடு உண்டு என்று எழுதிவிடுவோம். அதே அட்டவணைக்கு ஃபிஷர் p = 0.069, யேட்ஸ் 0.072. 5 சதவீதக் கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதே சோதனையைப் பொறுத்து மாறிவிடுகிறது. இப்படிப்பட்ட அட்டவணையில் ஃபிஷர் விடையை எழுதுங்கள். முடிவையும் அடக்கி வாசியுங்கள், ஏனென்றால் ஓர் ஆள் இடம் மாறினாலே எல்லாம் மாறும்.

மூன்று நான்கு வகைகள் உள்ள பெரிய அட்டவணையில் சிறுத்த வகைகளைச் சேர்த்துக்கொள்வது உண்டு. சேர்ப்பதற்குப் பொருளில் ஒரு நியாயம் இருக்க வேண்டும், p எப்படி வருகிறது என்று பார்த்த பிறகு சேர்க்கக் கூடாது.

சதவீதத்தைப் போட்டால்

லிஸ்டர் அட்டவணையை 85, 15, 54.3, 45.7 என்று சதவீதமாகக் கொடுத்தால் மென்பொருள் மறுக்காது, திருத்தமில்லாமல் போட்டால் சமர்த்தாக 22.3 என்று விடை தரும். அதன் கண்ணுக்கு அது 200 பேர் கொண்ட ஆய்வு. 0.85, 0.15 என்று பின்னமாகக் கொடுத்தால் 0.223. உண்மை விடை 8.495. χ² என்பது ஆட்களின் எண்ணிக்கையோடு சேர்ந்து வளரும் அளவு, எல்லாக் கட்டத்தையும் பத்தால் பெருக்கினால் அதுவும் பத்தால் பெருகும். முழு மொத்தம் சரியாக 100 அல்லது 200 என்று வரும் அட்டவணையைக் கண்டால் மூலத்தைப் போய்ப் பாருங்கள்.

விடையை எப்படிப் படிப்பது

p = 0.0036 என்றால், அமிலத்துக்கும் பிழைப்பதற்கும் தொடர்பே இல்லாத உலகில் இவ்வளவு பெரிய விலகலோ இதைவிடப் பெரியதோ தற்செயலாக வருவது ஆயிரத்தில் நான்கு தடவைக்கும் குறைவு. அமிலம் பயனற்றது என்பதற்கான வாய்ப்பு 0.36 சதவீதம் என்று அதைப் புரட்டிப் படிக்கக் கூடாது. p-ஐக் கணக்கிட்டதே தொடர்பு இல்லை என்று வைத்துக்கொண்டுதான், ஆகவே அது தொடர்பு இல்லாமலிருக்கும் வாய்ப்பைச் சொல்ல முடியாது.

எவ்வளவு தொடர்பு என்பதையும் p சொல்லாது. அதற்கு விகிதத்துக்குத் திரும்ப வேண்டும். இறப்பு 45.7 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, வித்தியாசம் சுமார் 31 புள்ளி. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி போட்டால் ஏறக்குறைய 11 முதல் 51 புள்ளி வரை. இந்த அகலம்தான் 75 பேரின் உண்மையான நிலவரம்: குறைவு இருக்கிறது என்பது தெளிவு, எவ்வளவு என்பது மங்கல். எண்கள் திருப்தியான ஒப்பீட்டுக்குப் போதாதவை என்று லிஸ்டரே அந்தக் கட்டுரையில் ஒப்புக்கொள்கிறார். பியர்சன் சோதனை வர இன்னும் முப்பது ஆண்டு இருந்தது அப்போது.

சோதனையால் தொடவே முடியாத இரண்டு விஷயங்கள் இந்தத் தரவில் உண்டு. ஒன்று, இது முன்–பின் ஒப்பீடு. நோயாளிகளைக் குலுக்கிப் போட்டுப் பிரிக்கவில்லை. இரண்டு காலத்துக்கும் இடையில் எந்த மாதிரிக் காயங்கள் வந்தன, எந்த உறுப்பைத் துண்டித்தார்கள், வார்டு எவ்வளவு நெரிசலாக இருந்தது என்பவை மாறியிருந்தால் அவற்றின் விளைவும் அமிலத்தின் கணக்கில் ஏறிவிடும். χ² காலத்துக்கும் பிழைப்புக்கும் தொடர்பைக் காட்டுகிறது. காரணம் அமிலம் என்பதை வேறு சான்றுகள்தாம் நிறுவ வேண்டும்.

மற்றது அதிகம் பேர் கவனிக்காதது. கணக்கு முழுவதும் 75 பேரும் ஒருவரை ஒருவர் பாதிக்காத 75 தனி நிகழ்வுகள் என்ற அனுமானத்தில் நிற்கிறது. ஆனால் அந்தக் கால வார்டில் சீழும் அழுகலும் ஒரு படுக்கையிலிருந்து அடுத்ததற்குப் பரவும், பல சமயம் மருத்துவரின் கையும் கருவியுமே சுமந்து போகும். ஒருவர் இறந்தால் பக்கத்தில் இருப்பவர் இறக்கும் வாய்ப்பும் கூடுகிறது. அப்படியானால் 16 மரணங்கள் என்பது 16 தனித்தனிச் செய்திகள் ஆகாது, அதைவிடக் குறைவு. உண்மையான p நாம் போட்டதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். இன்றும் ஒரே வகுப்பறை மாணவர்கள், ஒரே வீட்டு உறுப்பினர்கள், ஒரே செடியின் பல இலைகள் என்று எண்ணும்போது இதே சிக்கல் வருகிறது. அட்டவணையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, தரவு எப்படிச் சேர்ந்தது என்று கேட்டால்தான் தெரியும். ஒரே ஆட்களைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்திருந்தால் இந்தச் சோதனையே பொருந்தாது. அதற்கு மெக்நெமர் சோதனை இருக்கிறது.

எழுதும் விதம்

இப்படி எழுதினால் போதும்:

“அமிலம் பயன்படுத்திய காலத்தில் 40 பேரில் 6 பேரும் (15.0%), அதற்கு முன் 35 பேரில் 16 பேரும் (45.7%) இறந்தனர். வித்தியாசம் 30.7 சதவீதப் புள்ளி (95% நம்பிக்கை இடைவெளி 10.8 முதல் 50.6). χ²(1, N = 75) = 8.50, p = 0.004, தொடர்ச்சித் திருத்தம் இல்லாமல்.”

p 0.05-க்கு மேல் வந்திருந்தால் “தொடர்பு இல்லை” என்று எழுத வேண்டாம். “இந்தத் தரவில் தொடர்புக்குப் போதிய சான்று கிடைக்கவில்லை” என்று எழுதி, அதே நம்பிக்கை இடைவெளியையும் கொடுங்கள். அது −5 முதல் +40 என்று விரிந்திருந்தால், பெரிய வித்தியாசம் இருக்கவும் கூடும், தரவுதான் போதவில்லை என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.